நூறு கிலோமீட்டர் பறக்க பேட்டரியா, எண்ணெயா?

2022 ஆகஸ்டில் கனடாவின் ஹார்பர் ஏர் நிறுவனம் தன்னுடைய பழைய பீவர் மிதவை விமானம் ஒன்றில் பிஸ்டன் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்தி, வான்கூவரிலிருந்து விக்டோரியா பக்கம் ஓட்டிக் காட்டியது. 72 கிலோமீட்டர், 24 நிமிடம். பேட்டரி விமானத்துக்கு எது தோதான தூரம் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தப் பயணத்தைத்தான். ஏன் அதற்கு மேல் வெகுதூரம் போக முடிவதில்லை என்பதைக் கரண்ட் பில்லில் வரும் யூனிட் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. உறை, குளிரூட்டும் ஏற்பாடு எல்லாம் சேர்த்து ஒரு கிலோ பேட்டரியில் 0.18 யூனிட் கிடைத்தால் பெரிது. எண்ணெய் எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கும், மோட்டார் வீணடிக்காது. அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகும் பேட்டரி இருபது மடங்கு போல் பின்தங்கித்தான் நிற்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒன்பது பேர் உட்காரும் 6 டன் விமானம், அதில் 1,800 கிலோ பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 320 யூனிட். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு 320 யூனிட் வாங்கும். அப்படியானால் 240 கிலோமீட்டர் போகலாமே? போக முடியாது. பேட்டரியை முழுக்க வடித்தால் அதன் ஆயுள் போய்விடும் என்பதால் 80 சதவீதம், அதாவது 256 யூனிட்தான் கைக்கு வரும். இறங்கும் இடத்தில் ஓடுபாதை அடைபட்டிருந்தால் அரை மணி நேரமாவது சுற்றிக் காத்திருக்க ஆற்றல் வேண்டும். மெதுவாகச் சுற்றினாலும் அதற்கு 120 யூனிட். மிச்சம் 136 யூனிட், 25 நிமிடம், நூறு கிலோமீட்டர். இதே வேலைக்கு, எண்ணெயில் ஓடும் டர்பைன் எஞ்சினால் விசிறியைச் சுழற்றும் டர்போப்ராப் விமானம் காத்திருப்புக்கும் சேர்த்து நூறு கிலோ எண்ணெய் அளவில் முடித்துக்கொள்ளும்.

பலர் கோட்டைவிடும் இடம் காத்திருப்புக்கான அந்த 120 யூனிட் ரிசர்வ். தூரம் குறைந்தாலும் கூடினாலும் அது குறையாது. பேட்டரி பழசாகி 20 சதவீதம் கொள்ளளவை இழந்தால் கைக்கு வருவது 205 யூனிட். ரிசர்வ் போக 85. தூரம் 64 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இழந்தது ஐந்தில் ஒரு பங்கு பேட்டரி, போனது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தூரம். புது பேட்டரியோடு வான்கூவர் பயணத்துக்குத் தாங்கும் விமானம் இந்த நிலையில் தாங்காது. இத்தாலியின் டெக்னாம் நிறுவனம் 2023இல் பி-வோல்ட் என்ற பேட்டரி விமானத் திட்டத்தை நிறுத்தி வைத்ததற்குச் சொன்ன காரணமும் பேட்டரி வேகமாகப் பழசாவதுதான். கணக்கு மறுபக்கமும் இதே மாதிரி வேலை செய்யும்: கிலோவுக்கு ஆற்றல் இரட்டித்தால் தூரம் இரட்டிக்காது, கிட்டத்தட்ட மும்மடங்காகும்.

ஹைப்ரிட் விமானத்தின் சூட்சுமமும் இங்கேதான். ஸ்வீடனின் ஹார்ட் ஏரோஸ்பேஸ் முதலில் பேட்டரியில் மட்டும் ஓடும் 19 இருக்கை விமானத்தைத்தான் அறிவித்தது. 2022இல் அதை விட்டுவிட்டு 30 இருக்கை ஹைப்ரிடுக்கு மாறியது: பேட்டரியில் 200 கிலோமீட்டர், எண்ணெயும் சேர்ந்தால் 400. வழக்கமான பயணம் பேட்டரியில் ஓடும். அநேக நாள் தேவைப்படாத ரிசர்வ், எடை குறைந்த எண்ணெயாக டாங்கில் கிடக்கும். இரண்டு விதமான உந்து அமைப்பைப் பராமரிக்கும் செலவும் எடையும் தலைவலிதான். ஆனாலும் நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் என் ஓட்டு இதற்கே.

நார்வேயின் ஸ்டாவாங்கர்–பெர்கன் அப்படிப்பட்ட தடம், 160 கிலோமீட்டர். 2025இல் பீட்டா நிறுவனத்தின் ஆலியா பேட்டரி விமானம் அங்கே சரக்குச் சோதனைக்குப் பறந்தது. நீண்ட மெல்லிய இறக்கைகளோடு பேட்டரிக்காகவே புதிதாக வடிவமைத்த விமானம் அது. பழைய விமானத்தில் மோட்டாரை மாட்டி இந்தத் தூரத்தைப் பிடிக்க முடியாது. பயணிகளை ஏற்றி, மேகமூட்டத்தில், மாற்று விமான நிலையத்துக்கும் கணக்குப் போட்டு ஓட்டுவதென்றால், ஹைப்ரிட் சேவைக்கு வரும்வரை டர்போப்ராப்தான் நிம்மதி.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர்தான், பயணம் இரண்டு நிமிடம். பேட்டரிக்கென்றே அளந்து வைத்த மாதிரி தெரியும். ஆனால் விமானம் கிர்க்வாலிலிருந்து கிளம்பி இரண்டு தீவையும் தொட்டுத் திரும்ப வேண்டும்: 90 கிலோமீட்டர் அளவு, மூன்று முறை மேலெழும்புதல். எண்ணெய் விமானம் போகப்போக இளைக்கும். பேட்டரி விமானம் கிளம்பிய எடையோடேயே அந்தக் குட்டை ஓடுபாதைகளில் இறங்க வேண்டும். அதனால் என் மாதிரிக் கணக்கின் 6 டன் விமானம் அங்கே உதவாது, இன்னும் சிறியது வேண்டும். மற்றபடி தடம் நல்ல தடம். பக்கத்துத் தீவுகளிலும் ஓடுபாதை உண்டு, காற்றாலை மின்சாரமும் தாராளம். முதலில் கிர்க்வாலில் ஒரு சார்ஜர் வைத்தே ஓட்டிப் பார்க்கலாம். பேட்டரி தளரத் தொடங்கியதும் வெஸ்ட்ரேயிலும் ஒன்று வைக்க வேண்டிவரும்.