மாதாமாதம் விடுவிக்கும் வேலை: தானியங்கி ஜேர்னலா, எக்செல் அட்டவணையா?

வாடிக்கையாளர் ஒரு வருடக் காசை முன்கூட்டியே கட்டினால் அதை முற்பெறுகை வருமானம் என்று பொறுப்பில் வைத்து, மாதம் ஒரு பங்காக வருமானத்துக்கு விடுகிறோம். நாம் முன்கூட்டிக் கட்டிய காப்புறுதிக்கும் இதே வேலைதான், திசை மட்டும் மாறும். கொழும்பில் நான் கணக்கு பார்க்கும் சிறு நிறுவனங்களில் இதைப் பெரும்பாலும் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, கணக்கு மென்பொருளில் மாதக் கடைசியில் தானாகப் பதியும் ஜேர்னல். Xero-வில் அது Repeating journals, QuickBooks Online-இல் Recurring transactions. மற்றது, எக்செலில் ஒப்பந்தத்துக்கு ஒரு வரி வைத்து, மாதம் ஒருமுறை பார்த்துக் கையால் பதிவது.

முதல் முறை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒருமுறை அமைத்தால் பன்னிரண்டு மாதம் மறந்துவிடலாம். ஆனால் அந்த மறதிதான் ஒரு நிறுவனத்தில் எங்களைப் பிடித்தது.

வெள்ளவத்தையில் குளிரூட்டி பராமரிக்கும் நிறுவனம் அது. வருடம் முழுக்க எப்போது பழுதானாலும் வந்து பார்ப்பதாக ஒப்பந்தம். ஒரு வாடிக்கையாளர் 2024 செப்டெம்பர் 1 முதல் ஒரு வருடத்துக்கு 240,000 ரூபாய் கட்டினார். 18% பெறுமதி சேர் வரி இதற்கு மேல் தனியாக. அந்த வரி 43,200 ரூபாய் உடனே வரிக் கணக்குக்குப் போகவேண்டும். 283,200-ஐயும் அப்படியே முற்பெறுகையில் போட்டு, மாதம் 23,600 வருமானம் காட்டிய இடங்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே அதைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். மாதம் 20,000 ரூபாய் தானாக வருமானத்துக்குப் போனது.

டிசம்பர் கடைசியில் வாடிக்கையாளர் அலுவலகத்தையே மூடிவிட்டார். மீதி எட்டு மாதத்துக்கான 160,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, முற்பெறுகைக் கணக்கில் டெபிட் போட்டார்கள். அதுவும் சரி. நாலு மாதம் விட்ட 80,000, திருப்பிய 160,000, மொத்தம் 240,000. கணக்கு அங்கே முடிந்துவிட்டது. ஆனால் தானியங்கி ஜேர்னலை யாரும் நிறுத்தவில்லை. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதம் அது 20,000 வீதம் பதிந்துகொண்டே போனது. இல்லாத வருமானம் 60,000 ரூபாய்.

மார்ச் 31-இல் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது இது ஏன் கண்ணில் படவில்லை? அந்தக் கணக்கில் இருபதுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் ஒன்றாக இருந்தன. மொத்த மீதி பல இலட்சம் கிரெடிட். அதற்குள் ஒருவரின் 60,000 டெபிட் மீதி முழுதாக ஒளிந்துகொண்டது. வாடிக்கையாளர் வாரியாக மீதியைப் பிரித்தபோதுதான் மைனஸ் குறியோடு அந்த வரி வந்தது. வாங்கிய பணத்துக்கு மேல் வருமானத்துக்கு விட முடியாது, அதனால் ஒருவரின் முற்பெறுகை மைனஸில் நிற்க வழியே இல்லை. இந்தக் கணக்கைச் சோதிக்க எனக்குத் தெரிந்த மிக விரைவான வழி அதுதான்: பெயர் வாரியாகப் பிரித்து, எதிர்ப்பக்கம் நிற்கும் வரிகளைத் தேடுவது.

இதே சம்பவம் எக்செல் முறையில் எப்படி ஓடியிருக்கும்? அது அட்டவணையை எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பலர் 'இந்த மாதம் விடவேண்டிய தொகை' என்ற பத்தியைக் கூட்டி அதையே பதிகிறார்கள். அப்படிச் செய்தால் அது தானியங்கி ஜேர்னலின் கைவேலைப் பதிப்புதான். நான் மறுபக்கத்திலிருந்து போகச் சொல்வேன். மாதக் கடைசியில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எவ்வளவு மிச்சம் இருக்கவேண்டும் என்று கணக்கிடுங்கள். பேரேட்டு மீதி அதைவிட எவ்வளவு கூடவோ அதை வருமானத்துக்கு விடுங்கள். மேலே சொன்ன வாடிக்கையாளரின் வரியைத் திருத்த மறந்திருந்தால், அட்டவணை டிசம்பர் கடைசிக்கு 160,000 மிச்சம் என்று சொல்லும். நவம்பர் வரை விட்ட 60,000-உம் திருப்பிய 160,000-உம் போகப் பேரேட்டில் 20,000தான் இருக்கும். 20,000 விடவேண்டிய இடத்தில் மைனஸ் 140,000 வந்து நிற்கும். பிழை அந்த மாதமே கத்திவிடும்.

இந்த முறைக்கும் ஒரு பொல்லாத பக்கம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெப்ரவரியில் 180,000 ரூபாய்க்குப் புது ஒப்பந்தம் பில் போட்டு, அட்டவணையில் வரி சேர்க்க மறந்தால், மிச்சம் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு முழு 180,000-ஐயும் பெப்ரவரி வருமானத்தில் கொட்டிவிடும். அதனால் பதிவதற்கு முன் இன்னொரு எண்ணும் வேண்டும்: அட்டவணையிலேயே போன மாத மிச்சம், கூட்டல் புது ஒப்பந்தங்கள், கழித்தல் திருப்பிக் கொடுத்தவை, கழித்தல் இந்த மாத மிச்சம். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் பதியுங்கள். ஒத்துப்போகாவிட்டால் காரணம் தெரியும்வரை பதியாதீர்கள். தம்பிமார் அவசரத்தில் வித்தியாசத்தை 'சரிக்கட்டு' என்று எழுதிப் பதிந்துவிடுவார்கள். அந்த நிமிடம் அட்டவணையின் பயன் போய்விடுகிறது.

மாத நடுவில் தொடங்கும் தொகைகளில் எக்செல் இன்னும் முன்னுக்கு நிற்கிறது. 365,000 ரூபாய்க் காப்புறுதி, 2024 ஜூலை 17 முதல் 2025 ஜூலை 16 வரை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,000 ரூபாய். மார்ச் 31-க்குப் பிறகு 107 நாள் மிச்சம், ஆக முற்கொடுப்பனவு 107,000. தானியங்கி ஜேர்னல் பெரும்பாலும் சமமான பன்னிரண்டு பங்கையே போடும். ஜூலையிலிருந்து தொடங்கினால் மார்ச் கடைசியில் 91,250 மிஞ்சும், ஓகஸ்டிலிருந்து தொடங்கினால் 121,667. எக்செலில் ஒரு வரி போதும். C2 தொகை, D2 தொடக்கம், E2 முடிவு, H1 மாதக் கடைசித் திகதி:

```
=ROUND(C2*MAX(0,MIN(E2-D2+1,E2-H$1))/(E2-D2+1),2)
```

இது இன்னும் தொடங்காத காப்புறுதிக்கு முழுத் தொகையையும், முடிந்ததற்குப் பூச்சியத்தையும் தரும்.

சில மென்பொருள்களில் மூன்றாவது வழியும் இருக்கிறது: பில் போடும்போதே தொடக்க, முடிவுத் திகதிகளைக் கொடுத்தால் அதுவே மாதப் பதிவுகளை உண்டாக்கும். ஒவ்வொரு பதிவும் அதன் பில்லோடு கட்டப்பட்டிருப்பதால், எந்த வரி யாருடையது என்று தேடவேண்டியதில்லை. ஆனால் ரத்தாகும்போது எதிர்காலப் பதிவுகளை யாராவது போய் நீக்கத்தான் வேண்டும். வாடிக்கையாளர் போனது மென்பொருளுக்குத் தெரியாது.

நான் எப்படித் தெரிவு செய்கிறேன் என்றால், இடையில் மாறாதவற்றைத் தானியங்கிக்கு விடுகிறேன். மாதத்தின் முதல் நாளில் தொடங்கும் வருடாந்த மென்பொருள் சந்தா போன்றவை, ஐந்தாறு வரி மட்டும். அவற்றிலும் முடிவுத் திகதியை அமைக்கும்போதே போட்டுவிடவேண்டும், பதின்மூன்றாவது மாதம் ஓடாமலிருக்க. வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் எல்லாம் எக்செலில், மிச்சக் கணக்கு முறையில். வருடத்தில் நாலு முறை வந்து பார்ப்பது என்று மட்டும் எழுதியிருக்கும் ஒப்பந்தங்களை இரண்டிலும் சேர்ப்பதில்லை. 240,000 ரூபாயென்றால், ஒரு வருகை முடிந்து கையெழுத்து வாங்கிய நாளில் 60,000 விடுகிறோம், அந்த மாதத்தில் யாரும் போகவில்லையென்றால் ஒன்றும் விடுவதில்லை.