சிப்ஸ் பறக்கும் படம்: தூவி எடுப்பதா, ஒட்டிச் சேர்ப்பதா?

தீபாவளிக்கு மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் விளம்பரம், பின்னணி பளீரென்ற இளஞ்சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். துகள்களை நிஜமாகவே தூவி எடுத்தால் சிதறல் இயல்பாக அமையும். எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் ஒரு மீட்டர் விழுந்த துகள் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் போகும். ஃபிளாஷ் 1/1000 நொடி எரிந்தால் அதற்குள் 4 மில்லிமீட்டர் நகர்ந்து, துகள் கோடாகிவிடும். 1/8000 என்றால் அரை மில்லிமீட்டர்தான். மொறுமொறுப்பு கண்ணுக்குத் தெரியும். பல ஃபிளாஷ்களில் சக்தியைக் குறைத்தாலே இந்த வேகம் கிடைக்கும்.

சிங்கப்பூர் ஈரக்காற்றில் பிரித்த பாக்கெட் சீக்கிரம் நமுத்துவிடும். சிப்ஸை உடைத்துப் பாருங்கள்: ‘படக்’கென்று முறியாமல் வளைந்தால் துகளே வராது, புதுப் பாக்கெட் பிரிக்க வேண்டியதுதான்.

இன்னொரு வழி: சிப்ஸை மெல்லிய கம்பியில் ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்துக் கணினியில் சேர்த்தால் ஃபோகஸ் பிசகாது. ஆனால் வெள்ளைப் பின்னணியில் எடுத்துவிட்டு இளஞ்சிவப்பில் வைத்தால் ஓரங்கள் வெளிறி, ஒட்டியது தெரிந்துவிடும். அதே நிறத்தின் முன்னால், அதே விளக்கில் எடுக்க வேண்டும். பெரிய சிப்ஸுக்குக் கம்பி சரி. துகளை மட்டும் தூவியே எடுங்கள்.