கொக்குவிலில் ஒரு மருந்துக்கடையும் அம்மாவின் முழங்காலும்

இம்முறை கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் சென்றபோது பார்த்த சேவைகளுள், கொக்குவிலில் ஒரு மருந்துக்கடையில் கிடைத்த விளக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். முழங்கால் தேய்மானத்தால் நெடுநாளாக உளைவுபடும் என் அம்மா, வேறொரு கடையில் நோவைத் தணிக்கும் டைக்ளோபெனாக் ஜெல்லும் இறுக்கிச் சுற்றும் பண்டேஜும் ஒன்றாக வாங்கியிருந்தார். விற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துவது என்று எதுவும் சொல்லவில்லை. ஆகவே அம்மா தமக்குத் தெரிந்த முறைப்படி, ஜெல்லைத் தடிப்பாக அப்பி, அதன்மேல் பண்டேஜைச் சுற்றி, இரவில் சுடுதண்ணீர்ப் பையையும் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது தோல் சிவந்து கடித்தது. சிவப்பின் ஓரம் பண்டேஜின் ஓரத்தோடு நேர்கோடாக ஒத்திருந்தது.

கொக்குவில் கடையிலிருந்த மருந்தாளர், தோலைப் பார்த்ததும் விற்பனையை விட்டுவிட்டு முதலில் கேள்விகளைக் கேட்டார். "அம்மா, வேற என்ன குளிசை குடிக்கிறீங்கள்? இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிறீங்களோ? அஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமோ? இழுப்பு, வயிற்றுப்புண் இருக்கோ?" வெளியே பூசுவதற்கு எதற்கு இவ்வளவு விசாரணை என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் கேட்டது சரியே. ஒரு முழங்காலுக்கு ஒரு சதவீத ஜெல்லை 4 கிராம் வீதம் நான்கு வேளை பூசினால், இரத்தத்தில் சேரும் மருந்து, 50 மில்லிகிராம் குளிசையை மூன்று வேளை விழுங்கும்போது சேர்வதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான். அது குறைவு, ஆயினும் இல்லாததன்று. அதோடு அதே வகை நோக்குளிசையையும் குடித்தால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை கூடும்.

பிறகு அவர் தோலைச் சுவருக்கு ஒப்பிட்டு மெல்ல விளக்கினார். நம் தோலின் மேற்படை தானே ஒரு தடுப்பு. இறுக்கிச் சுற்றினால் வியர்வை ஆவியாகாமல் அப்படை ஊறிவிடும். ஊறிய தோலினூடாக மருந்து கணக்குக்கு மேல் உள்ளே போகும், தோலும் எரிச்சலடையும். வெப்பம் தோலின் இரத்தவோட்டத்தைக் கூட்டுவதால் அதே விளைவை இன்னும் தூண்டக்கூடும். "நோவுக்கு ஒத்தணம் வேணுமெண்டால் வேற நேரத்தில வையுங்கோ, ஜெல் தோலில இருக்கேக்க வேண்டாம்" என்றார்.

அளவைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம். 4 கிராம் என்பது ஒரு சிறு நெல்லிக்காய் அளவு. அவ்வளவும் சுமார் 800 சதுர சென்ரிமீற்றர் பரப்புக்குப் போதும். கணக்கிட்டால் படையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே வெண்ணிறமாகத் தெரியும்படி அப்பியிருந்தால் அது மிகை என்று உடனே அறியலாம். முழங்காலின் முன்புறத்திலும் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் கையால் மெதுவாகப் பரப்பினால் சற்று நேரத்தில் பளபளப்பு மங்கும். அழுத்தி உரஞ்ச வேண்டியதில்லை. பூசியதும் கையைக் கழுவி, 10 நிமிடம் ஆடை படாமல் விட வேண்டும். அந்த இடத்தை ஒரு மணி நேரம் கழுவக்கூடாது. கிணற்றடிக் குளிப்பு முடிந்து, தோல் காய்ந்து, சூடும் தணிந்த பிறகே பூசுமாறு அம்மாவின் நேரங்களை அவரே ஒரு தாளில் எழுதித் தந்தார். ஜெல் பூசிய தோலில் நேர் வெயில் படக்கூடாது என்பதும் அத்தாளில் இருந்தது. நீண்ட பாவாடை உடுத்தும் அம்மாவுக்கு அது கவலையில்லை.

சிவந்திருந்த தோல் ஆறும்வரை அங்கே எதையும் பூசக்கூடாது என்று முதல் விதியே போட்டிருந்தார். காயத்திலும் சொறியிலும் பூசுவது தடை. ஆறிய பின் பண்டேஜ் இல்லாமல் மெல்லிய படையாகத் தொடங்கினோம். கடி திரும்பவில்லை. படி இறங்கும்போது வரும் நோ முதல் நாளிலேயே குறையவில்லை. ஒரு வாரம் பொறுக்கவேண்டும் என்று அவர் முன்னரே சொல்லியிருந்ததால் அம்மா கூடுதலாக அப்பும் ஆசையை அடக்கிக்கொண்டார். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்வதானால் மருத்துவரைக் கேட்கவேண்டும். முழங்கால் திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், ஜெல்லைத் தொடாமல் அன்றே போதனா வைத்தியசாலைக்குப் போகும்படியும் தாளின் அடியில் எழுதியிருந்தார். பண்டேஜைத் திருப்பி எடுக்க முன்னைய கடை மறுத்துவிட்டது.