‘பழையவர்களுக்கு எல்லாம் அப்படியே தொடரும்’ என்று கடிதம் வந்தால், போனை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

ஒரே ஆள் உருவாக்கி நடத்தும் செயலி எதையாவது நெடுநாளாகப் பயன்படுத்துகிறீர்களா? "இனி சில வசதிகளுக்குக் கட்டணம்" என்று அவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதா? அப்படியென்றால் எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள். பணம் அதிகம் போகவில்லை. ஆனால் ஐந்து வருடம் நானே தட்டிச் சேர்த்த கணக்கு, ஒரு வாரம் என் கண்முன்னே பூட்டிக் கிடந்தது.

அது வரவு செலவு எழுதும் ஆண்ட்ராய்டு செயலி. பெயர் வேண்டாம். விளம்பரம் கிடையாது, லாகின் கிடையாது. "உங்கள் கணக்கு உங்கள் போனை விட்டு எங்கும் போகாது" என்று முதல் திரையிலேயே எழுதியிருப்பார். அதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டேன். செட்டிங்ஸின் அடியில் 'காபி வாங்கித் தாருங்கள்' என்று ஒரு பட்டன் இருந்தது. மூன்று முறை அழுத்திப் பணம் அனுப்பியிருக்கிறேன். கேட்டு அனுப்பவில்லை, பிடித்துப்போய் அனுப்பினேன்.

ஒரு நாள் செயலியைத் திறந்ததும் கடிதம் வந்தது. நல்ல கடிதம், அதை மறுக்க மாட்டேன். இரவில் வேலை முடிந்து வந்து எழுதுகிறேன், ஒருவனாகச் சமாளிக்க முடியவில்லை, அடுத்த மாதம் முதல் வரைபடங்கள், சிஎஸ்வி ஏற்றுமதி, காப்புக் கோப்பிலிருந்து மீட்டல் ஆகியவற்றுக்கு மாதச் சந்தா என்றிருந்தார். அதன் கீழே தடித்த எழுத்தில்: "இத்தனை வருடம் கூட வந்த உங்களுக்கு இப்போது இருக்கும் வசதிகள் எல்லாம் அப்படியே தொடரும்." அந்த ஒரு வரியைப் படித்ததும் மேலே இருந்த பட்டியல் நமக்கில்லை என்று மூடிவிட்டேன். மூடினால் அந்தக் கடிதம் மறுபடி வராது என்பது அப்போது தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கவில்லை.

ஏழு மாதம் சொன்னபடியே எல்லாம் ஓடியது. பிறகு போனை மாற்றினேன். பழைய போனில் கடைசியாக ஒரு காப்புக் கோப்பு எடுத்து கிளவுடில் போட்டுவிட்டு, அதை ரீசெட் செய்து வேறொருவருக்குக் கொடுத்தேன். புதுப் போனில் செயலியை நிறுவி 'மீட்டெடு' என்பதைத் தொட்டால், ஒரு பூட்டுப் படமும் 'சந்தா சேருங்கள்' என்ற வரியும் வந்தன. 'முந்தைய கொள்முதலை மீட்க' என்ற பட்டனைத் தட்டினேன். "கொள்முதல் எதுவும் இல்லை" என்றது. மூன்று காபி வாங்கிக் கொடுத்தவனைப் பார்த்து!

மெயில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார், ஆனால் விஷயம் இதுதான்: யார் பழைய பயனர் என்று அவரிடம் பதிவே இல்லை. புதுப் பதிப்பு முதன்முறை திறக்கும்போது, அந்தப் போனில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் 'இவர் பழையவர்' என்று போனுக்குள்ளேயே ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்ளும். அவர் கொடுத்த வாக்கு முழுவதும் அந்தக் குறிப்பில்தான் இருந்தது. போனை ரீசெட் செய்தேன், வாக்கும் அழிந்துபோனது.

இங்கேதான் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது என் ஒருவனுக்கு மட்டும் நடக்கக்கூடியது அல்ல. என் தங்கை இதே செயலியை ஐபோனில் வைத்திருக்கிறாள். அவளும் இடையில் போன் மாற்றினாள். அவளுக்கு ஒன்றும் பூட்டவில்லை. காரணம், ஒரு செயலியை நாம் முதன்முதலில் எந்தப் பதிப்பில் இறக்கினோம் என்பதை ஆப்பிள் நம் கணக்கோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. செயலி கேட்டால் `originalAppVersion` என்று சொல்லிவிடும். கட்டணத்துக்கு முந்தைய பதிப்பா, திற. அவ்வளவுதான் வேலை. ஆண்ட்ராய்டில் அப்படி ஒன்று கிடையாது. செயலிக்குத் தெரிவதெல்லாம் `firstInstallTime`, அதாவது இந்தப் போனில் எப்போது நிறுவினார்கள் என்பது மட்டும். நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் அதுவும் இன்றைய தேதியாகிவிடும்.

ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப் அந்தக் குறிப்பையும் கூகுள் டிரைவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். `allowBackup` என்பதை அவர் அணைத்து வைத்திருந்தார். பணக் கணக்கு யாருடைய சர்வருக்கும் போகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான். எதைப் பார்த்து நான் அந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தேனோ, அதனாலேயே என்னை அடையாளம் காண அவருக்கு வழியில்லாமல் போயிற்று. ஆனால் இது அவருக்குக் கடிதம் எழுதும்போதே தெரியும், எனக்குத்தான் தெரியாது. "இந்தப் போன் இருக்கும்வரை தொடரும்" என்று எழுதியிருந்தால் நான் போனை ரீசெட் செய்திருக்கவே மாட்டேன். அல்லது அந்தப் பதிப்பிலேயே ஆளுக்கொரு குறியீட்டைக் காட்டி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கலாம். அவரைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. காப்பாற்ற முடியாத வாக்கைத் தடித்த எழுத்தில் போட்டார் என்கிறேன்.

அடுத்தது அந்தக் காபி. அது ஏன் கொள்முதலாகத் தெரியவில்லை? ஒருவரே பல முறை அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று, நன்கொடையைப் பெரும்பாலும் 'நுகர்ந்து தீரும்' வகைப் பொருளாக வைப்பார்கள். விளையாட்டில் காசு வாங்குகிற மாதிரி. செயலி அதை நுகர்ந்ததாகக் குறித்துவிட்டால், அடுத்த முறை கொள்முதல் பட்டியலைக் கேட்கும்போது பிளே ஸ்டோர் அதைத் திருப்பித் தராது. ஒரே முறை வாங்கி என்றைக்கும் வைத்துக்கொள்ளும் 'ப்ரோ' வகை அப்படியல்ல, அதே கூகுள் கணக்கோடு எந்த ஆண்ட்ராய்டு போனிலும் மீளும். பிடித்த செயலிக்குப் பணம் கொடுக்க நினைத்தால், இரண்டும் இருக்கும் பட்சத்தில் 'ப்ரோ'வையே வாங்குங்கள்.

ஆனாலும் நம் பக்கம் சாட்சி இருக்கிறது. பிளே ஸ்டோரில் நம் ஆர்டர் வரலாற்றில் அந்த மூன்றும் `GPA.` என்று தொடங்கும் எண்ணோடு இருந்தன. டெவலப்பர் தன் கன்சோலில் அந்த எண்ணைப் போட்டுத் தேடிப் பார்க்க முடியும். மூன்றையும் அனுப்பினேன். "நன்கொடை கொள்முதல் ஆகாது, வேண்டுமானால் பாதி விலைக்கு ஒரு கூப்பன் தருகிறேன்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் எழுதவில்லை.

கணக்கை எப்படி மீட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளவுடில் மாதாமாதம் விழுந்த காப்புக் கோப்புகள் இருந்தன, எல்லாம் `.bak`. கடிதத்துக்கு முந்தைய ஒன்றைக் கணினியில் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தேன். திரை முழுக்கக் குப்பை, ஆனால் முதல் வரியின் தொடக்கத்தில் தெளிவாக `SQLite format 3` என்று இருந்தது. பெயர்தான் `.bak`, உள்ளே இருப்பது எல்லோரும் திறக்கக்கூடிய தரவுத்தளம். `sqlite3` என்ற கருவியில் அதைத் திறந்து, முதலில் `.tables` கட்டளையால் உள்ளே என்னென்ன அட்டவணை என்று பார்த்தேன். என் செலவுகள் இருந்த அட்டவணையின் பெயர் `entries`. பிறகு இது ஒன்றே போதுமாக இருந்தது:

```
sqlite3 -header -csv old.bak "SELECT * FROM entries;" > old.csv
```

நான்கு வருடத்துக்கும் மேலான கணக்கு ஒரே நொடியில் வந்து விழுந்தது. தேதி மட்டும் நீண்ட எண்ணாக இருந்தது (1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி நொடிகள்), அதை விரிதாளில் மாற்றிக்கொண்டேன்.

கடிதத்துக்குப் பிந்தைய ஏழு மாதக் கோப்புகள் அப்படி வரவில்லை. திறந்தால் முதல் எழுத்திலிருந்தே குப்பை. புதுப் பதிப்பு காப்புக் கோப்பையும் மறையாக்கம் செய்யத் தொடங்கியிருந்தது. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். வரைபடத்துக்குக் காசு கேட்கட்டும், அது அவர் உழைப்பு. நான் எழுதிய கணக்கை நானே வெளியே எடுக்கக் காசு கேட்பது வேறு. வேறு வழியில்லாமல் ஒரு மாதச் சந்தா கட்டி, மீட்டு, சிஎஸ்வி எடுத்து, அன்றே சந்தாவை ரத்து செய்தேன். ரத்து செய்வதை ஸ்டோரின் சந்தா பக்கத்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், அது பாட்டுக்கு மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருக்கும்.

உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், உருகுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சொன்ன தேதிக்கு முன்பே எல்லாவற்றையும் சிஎஸ்வியாக வெளியே எடுத்து, அதைத் திறந்து கடைசி வரி வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளியைத் தொட்டு, அதற்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். பிறகு அவருக்கு ஒரு மெயில். நான் எழுதாமல் விட்ட மெயில் இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம். நான் பழைய பயனர் என்பதை உங்கள் செயலி எதை வைத்துத் தெரிந்துகொள்கிறது? போனை மாற்றினாலோ செயலியை நீக்கி மறுபடி நிறுவினாலோ அது தொடருமா? என் தரவை வெளியே எடுப்பதும் காப்பிலிருந்து மீட்பதும் எல்லோருக்கும் இலவசமாகவே இருக்குமா? இதுவரை நான் அனுப்பிய பணம் எந்தக் கணக்கில் சேரும்?"

பதில் வரும்வரை பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள்.