சிலோஜிசத்துக்கு வட்டம் போட ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம், என் அனுபவம்

பேங்க் எக்ஸாமுக்கு படிக்கிறேன், திருவல்லிக்கேணில ஒரு மேன்ஷன்ல தங்கியிருக்கேன். மூணு பேர் ரூம், ஒரு டியூப்லைட், எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு பிராக்டிஸ் புக். புக் யார் கைல இருக்கோ அவன் ரீசனிங் பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுவான், மத்தவங்க மொபைல்ல பாத்து ரஃப் நோட்ல போடுவோம். சிலோஜிசம்னா ரெண்டு மூணு வரி குடுத்து, அதுல இருந்து எந்த கன்க்ளூஷன் கண்டிப்பா வரும், அதாவது டெஃபினிட்லி ஃபாலோஸ்னு கேக்குற கணக்கு, அது எல்லாத்தையும் நான் இப்படி போட்டோவுல பாத்து வட்டம் போட்டுதான் பழகுனேன். ஒன்றரை வருஷம் ஆச்சு, அதனால இந்த வட்ட மெத்தட் எங்க கைகொடுக்குது எங்க கால வாருதுன்னு ஓரளவு சொல்ல முடியும்னு நெனைக்கிறேன்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி. ஐபிபிஎஸ் பிஓ ப்ரிலிம்ஸ்ல ரீசனிங் 35 கேள்வி, 20 நிமிஷம், தப்பா போட்டா அந்தக் கேள்வியோட மார்க்குல கால் பங்கு போயிடும். அதுல சிலோஜிசம் வந்தா நாலஞ்சு கேள்வி வரும், பஸில விட சீக்கிரம் முடியும், அதனால இதுல மார்க்க விட்டா வயிறு எரியும்.

எனக்கு மொத மூணு மாசம் வயிறு எரிஞ்சுகிட்டேதான் இருந்துச்சு. வட்டமெல்லாம் சரியாதான் போட்டேன், ஆன்சர் மட்டும் தப்பாவே வரும். காரணம் புரிய ரொம்ப நாள் ஆச்சு. ஒரு உதாரணம் போட்டே சொல்றேன், கேள்வி இங்கிலீஷ்லதான் இருக்கும், நான் தமிழ்ல எழுதுறேன்.

எல்லா பேனாவும் புக்.
சில புக் பேக்.
எந்த பேக்கும் டெஸ்க் இல்ல.

புக்குக்கு ஒரு பெரிய வட்டம், அதுக்குள்ள பேனாவுக்கு ஒரு குட்டி வட்டம். இது வரைக்கும் யாருக்கும் குழப்பம் இல்ல. இப்ப பேக் வட்டம் புக்க வெட்டணும், ஆனா எந்தப் பக்கம் வெட்டணும்? பேனா மேல பட்டு வெட்டணுமா, படாம வெட்டணுமா? கேள்வில அதப் பத்தி ஒரு வார்த்தை கூட கெடையாது. ஆனா நம்ம கை சும்மா இருக்காது, பேப்பர்ல எடம் எங்க இருக்கோ அங்க போட்டுடும். எனக்கு எப்பவும் பேனா எடது பக்கம், பேக் வலது பக்கம், ரெண்டுக்கும் நடுவுல நல்லா இடைவெளி. அத பாத்துட்டு "எந்த பேனாவும் பேக் இல்ல" கரெக்ட்னு டிக் அடிச்சுடுவேன். கேள்வி சொல்லாத ஒண்ண என் படம் சொல்லிடுச்சு, நான் அத நம்பிட்டேன், அவ்ளோதான் என் தப்பு. மூணு மாசமும் பெரும்பாலும் இதே தப்புதான்!

டெஃபினிட்லி ஃபாலோஸ்னா என்ன அர்த்தம், அந்த மூணு வரிக்கும் பொருந்துற மாதிரி எத்தன விதமா படம் போட முடியுமோ அத்தன படத்துலயும் அந்த கன்க்ளூஷன் உண்மையா இருக்கணும். ஒரே ஒரு படத்துல ஒடஞ்சா போதும், ஃபாலோ ஆகாது. அதனால இப்பல்லாம் நான் படத்துல விடைய தேடுறதே இல்ல, கன்க்ளூஷன எப்படி ஒடைக்கலாம்னுதான் பாக்குறேன். சேருதுன்னு சொல்ற கன்க்ளூஷனா இருந்தா வட்டத்த விலக்கி பாக்குறது, சேராதுன்னு சொன்னா இழுத்து ஒட்டி பாக்குறது. முடியலன்னா அது டெஃபினிட்.

மேல இருக்குற கணக்குக்கே நாலு கன்க்ளூஷன் எடுத்துக்குவோம்.

ஒண்ணு, சில புக் டெஸ்க் இல்ல. இத ஒடைக்கணும்னா எல்லா புக்கையும் டெஸ்க்குக்குள்ள தள்ளணும். ஆனா புக்குல ஒரு துண்டு பேக்கா இருக்கு, பேக் டெஸ்க் கிட்டயே போகக் கூடாது, அந்தத் துண்டு உள்ள வராது. எப்படி இழுத்தாலும் முடியல, அப்ப இது டெஃபினிட்.

ரெண்டு, சில பேனா பேக். பேக்க கொஞ்சம் தள்ளி வெச்சா பேனா மேல படாது, ஒடஞ்சுது. மூணு, எந்த பேனாவும் பேக் இல்ல. பேக்க பேனா மேல இழுத்து வெச்சா இதுவும் ஒடஞ்சுது. ரெண்டும் தனித்தனியா ஃபாலோ ஆகல. ஆனா நல்லா பாருங்க, பேனாவும் பேக்கும் ஒண்ணு தொடணும் இல்ல தொடாம இருக்கணும், மூணாவது வழியே கெடையாது, அதனால "ரெண்டு அல்லது மூணு", அதாவது ஐதர் ஆர். இத ஜோடி பேர மனப்பாடம் பண்ணி நான் பல தடவ கோட்ட விட்டிருக்கேன். ரெண்டு படம் வரஞ்சு ஒண்ணுல இது உண்மை இன்னொண்ணுல அது உண்மைன்னு கண்ணால பாத்ததுக்கப்புறம்தான் மண்டைல நின்னுது. ரெண்டு கன்க்ளூஷன்லயும் அதே ரெண்டு பொருளா இருக்கணுங்கறது மட்டும் மறக்காதீங்க, ஒண்ணுல பேனா பேக், இன்னொண்ணுல பேனா டெஸ்க்னு இருந்தா ஐதர் ஆர் கெடையாது.

நாலு, எல்லா பேனாவும் டெஸ்க்கா இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புன்னு வந்துட்டா வேலை தலைகீழ், எல்லா படத்துலயும் வேணாம், ஒரு படத்துல வந்தா போதும். பேக்க பேனா மேல படாம வெச்சுட்டு டெஸ்க் வட்டத்தால பேனாவ அப்படியே மூடுறேன், எந்த வரியும் ஒடையல, ஃபாலோ ஆகும்.

இதுக்காக நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். கேள்வில சொன்னத முழுக்கோடா போடுவேன், கேள்வி சொல்லாம எடத்துக்காக நானா போட்டத புள்ளிக்கோடா போடுவேன். உதாரணமா மேல உள்ள கணக்குல பேக் வட்டத்துல பேனா பக்கம் இருக்குற ஓரம் புள்ளி. புள்ளிக்கோட்ட நம்பி டிக் அடிக்கக் கூடாது, அவ்ளோதான் ரூல். இது வந்ததுக்கப்புறம்தான் சிலோஜிசம் செட்ல நாலுக்கு மூணாவது சரியா வர ஆரம்பிச்சுது.

இப்ப போட்டோ கதைக்கு வரேன், இதுல எனக்கு ஒரு சண்டையே நடந்துருக்கு. ஒரு நாள் ரூம்மேட் அனுப்புன பக்கத்துல இப்படி ஒரு கேள்வி. சில கப் தட்டு, எல்லா தட்டும் ஸ்பூன். கன்க்ளூஷன் ஒண்ணு, எல்லா கப்பும் தட்டா இருக்க வாய்ப்பு உண்டு. கன்க்ளூஷன் ரெண்டு, எல்லா கப்பும் ஸ்பூனா இருக்க வாய்ப்பு உண்டு. நான் ரெண்டும் ஃபாலோ ஆகும்னு போட்டேன், ஆன்சர் கீல ரெண்டாவது மட்டும்தான். கீ தப்பு மச்சான்னு நான் கத்துறேன், அவன் நீதான்டா தப்புன்னு கத்துறான், பக்கத்து ரூம்ல இருந்து ஒரு அண்ணன் வந்து "என்னடா நேரம் என்ன ஆகுது"ன்னு திட்டிட்டு போனாரு. கடைசில புக்க வாங்கி பாத்தா, வரி "ஒன்லி எ ஃப்யூ"ன்னு ஆரம்பிக்குது. தடி புக் ஆச்சே, பைண்டிங் பக்கம் வளஞ்சு போய் "ஒன்லி"ங்கற வார்த்தை மடிப்பு நிழல்ல முழுங்கிடுச்சு. போட்டோல "எ ஃப்யூ" மட்டும்தான் தெரிஞ்சுது, நான் அத வெறும் "சில"ன்னு எடுத்துட்டேன்.

அந்த ஒரு வார்த்தை எல்லாத்தையும் மாத்துது. வெறும் சிலன்னா கப்புல ஒரு பகுதி தட்டு, மிச்சத்த பத்தி பேச்சே இல்ல, மொத்தமும் தட்டா கூட இருக்கலாம். ஒன்லி எ ஃப்யூன்னா ரெண்டு விஷயம் சேந்து வருது, சில கப் தட்டு, கூடவே சில கப் கண்டிப்பா தட்டு இல்ல. அதனால எல்லா கப்பும் தட்டா ஆகுற வாய்ப்பு அடிபட்டுடுது. ஆனா தட்டு இல்லாத அந்த கப் ஸ்பூனா இருக்கறத யாரும் தடுக்கல, அதனால ரெண்டாவது நிக்குது. நான் இந்த வரி வந்தா தட்டுக்கு வெளில இருக்குற கப் பகுதில ஒரு பெருக்கல் குறி போட்டுடுவேன், இங்க கண்டிப்பா ஆள் இருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, இந்தக் கட்டுப்பாடு கப்புக்கு மட்டும்தான். எல்லா தட்டும் கப்பா இருக்க வாய்ப்பு உண்டான்னு கேட்டா உண்டு, தட்டு வட்டம் முழுசா கப்புக்குள்ள போகலாம். நெறைய பேர் ரெண்டு பக்கமும் பூட்டிடுறாங்க, நானும் பூட்டிருக்கேன்.

போட்டோல வார்த்த போயிருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, வரியோட மொத எழுத்த பாருங்க. இங்கிலீஷ் வாக்கியம் பெரிய எழுத்துலதான் ஆரம்பிக்கும், அன்னிக்கு அந்த வரி சின்ன எழுத்துல ஆரம்பிச்சுது, அத அப்பவே பாத்துருந்தா சண்டையே வந்துருக்காது. நடுவுல இருக்குற "நாட்" தான் இன்னும் ஆபத்து, டியூப்லைட் வெளிச்சம் வழவழ பேப்பர்ல பட்டு ஒரு வெள்ளைத் திட்டு விழும், அதுக்குள்ள அது மறஞ்சுட்டா வாக்கியம் அப்பவும் முழுசாதான் தெரியும், சந்தேகமே வராது. அதனால இப்ப எங்க ரூம்ல சட்டம், புக்க நல்லா அமுக்கிப் பிடிச்சு, லைட்டுக்கு நேரா இல்லாம கொஞ்சம் சாய்ச்சு, ஒரு பக்கத்துக்கு ஒரு போட்டோ. ரெண்டு பக்கத்த ஒரே போட்டோல போடுறவன் அன்னிக்கு டீ வாங்கணும்.

ஒரு சின்ன கிளைக்கதை. அந்த திட்டுன அண்ணன் மேத்ஸ் படிச்சவரு, நீங்க போடுறது வென் டயகிராமே இல்லடா, ஆய்லர் வட்டம்னு சொன்னாரு. ஜான் வென் 1880ல சொன்னது வேற மாதிரியாம், எல்லா வட்டமும் எல்லாத்தையும் வெட்டுற மாதிரி மொதல்லயே போட்டுட்டு, ஆள் இல்லாத எடத்த கருப்படிக்கணும். ஆசையா ஒரு வாரம் போட்டு பாத்தேன், எக்ஸாமுக்கு ஆகல. கேள்வில நாலு பொருள் வந்தா 16 பகுதி வேணும், நாலு வட்டத்த எப்படி வெட்டுனாலும் 14க்கு மேல வராது, நீள்வட்டம் போடணும், அதுக்குள்ள நேரம் போயிடும். அது போக அந்த முறைல "எல்லா பேனாவும் புக்"ல இருந்து "சில பேனா புக்" தானா வராது, ஏன்னா பேனாவே இல்லாம கூட இருக்கலாம். எக்ஸாம்ல அது வரும், கேள்வில பேர் சொன்னாலே அந்த ஐட்டம் ஒண்ணாவது இருக்குன்னுதான் வெச்சு போடணும். நான் பழைய வட்டத்துக்கே திரும்பிட்டேன்.

இப்ப எப்படி யூஸ் பண்றேன்னா, எல்லாத்துக்கும் வட்டம் போடறதில்ல. சில பிளஸ் நோ வந்தா சில இல்லன்னு செயினா ஓடுற கேள்விய மனசுலயே போட்டுடுறேன், வாய்ப்பு, ஐதர் ஆர், ஒன்லி எ ஃப்யூ வந்தா மட்டும் பேனா எடுக்குறேன். அஞ்சு பொருள் வந்து ரெண்டு நோ இருந்தா எனக்கு இன்னும் தடுமாறுது, ஒரு வட்டத்த இழுக்கும்போது இன்னொரு நோவ மிதிச்சுட்டேனான்னு பாக்க மறந்துடுறேன், போன வார மாக்ல கூட அப்படி ஒண்ணு போச்சு. அதுக்கு யாராவது நல்ல வழி வெச்சிருந்தா சொல்லுங்க, நோ இருக்குற ரெண்டு வட்டத்துக்கு நடுவுல சின்னதா ஒரு சுவர் கோடு போட்டு பாக்குறேன் இப்போதைக்கு.