ஒரே மெயில், இரண்டு வடிவம்: புள்ளி வைப்பதா, பத்தியா?

வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டிய அப்டேட்டைத் திங்களுக்குத் தள்ளிவைக்க மேலாளரிடம் கேட்க வேண்டும். பலரும் எழுதுவது இப்படி:

• புது சர்வர் வியாழன் மாலை வருகிறது
• டெஸ்டிங்குக்கு இரண்டு நாள் ஆகும்
• வெள்ளி வெளியீடு சாத்தியமில்லை
• திங்களுக்கு மாற்றலாமா?

நான்கு வரியும் சரிதான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு என்பதுதான் இல்லை. புள்ளி வைத்ததுமே 'அதனால்', 'ஆனால்' எல்லாம் உதிர்ந்துவிடும். "பழைய சர்வரிலேயே டெஸ்ட் செய்தால் என்ன?" என்று பதில் வரும், பிறகு இரண்டு மெயில் விளக்கம். இதையே பத்தியாக எழுதினால்:

"புது சர்வர் வியாழன் மாலைதான் வருகிறது. பழையதில் பேமென்ட் பகுதியைச் சோதிக்க வழியில்லாததால் அதுவரை காத்திருக்க வேண்டியுள்ளது. அதன்பின் டெஸ்டிங்குக்கு இரண்டு நாள் வேண்டும் என்பதால், வெளியீட்டைத் திங்களுக்கு மாற்றலாமா?"

பேமென்ட் விஷயம் முதல் வடிவத்தில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாக்கியத்தை முடிக்க வேண்டிய கட்டாயம்தான் அந்தக் காரணத்தை வெளியே இழுத்தது. காரணம் சொல்லிச் சம்மதம் கேட்கும் மெயிலுக்குப் பத்திதான் சரி. மன்னிப்பு, மறுப்பு, இரங்கலுக்கும் அப்படியே. இரங்கல் மெயிலில் புள்ளி வைப்பவரை என்ன சொல்ல!

மேலாளர் சம்மதித்துவிட்டார். இனி வாடிக்கையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இங்கே பத்தி தோற்கும். மூன்றையும் ஒரே பத்தியில் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் வருவது வழக்கம். வெறும் புள்ளியும் போதாது. "இரண்டாவது புள்ளிக்கு" என்று எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. 1, 2, 3 என்று எண் போட்டால் "2: சரி, 3: நாளை சொல்கிறேன்" என்று போனிலிருந்தே பதில் வந்துவிடும். வரிசை மாறக்கூடாத செய்முறைக்கும் எண்தான். எந்த வரியை முதலில் படித்தாலும் பொருள் மாறாத பட்டியலுக்கு, உதாரணமாக இணைத்த கோப்புகளின் பெயர்களுக்கு, புள்ளி போதும்.

ஜிமெயிலில் எண் பட்டியலுக்கு Ctrl+Shift+7, புள்ளிக்கு Ctrl+Shift+8. ஒரு சிக்கல் உண்டு. வந்த பட்டியலுக்குள்ளேயே இரண்டாம் கேள்விக்கு அடியில் என்டர் தட்டிப் பதில் எழுதினால், அந்தப் பதில் 3 ஆகிவிடும், பழைய 3 நான்காகும். பதிலை மேலே தனியாக, எண்ணைக் கையால் அடித்து எழுதுவதே நல்லது.

தடித்த எழுத்தை மெயிலுக்கு ஓரிடம் என்று வைத்துக்கொள்ளலாம்: பெரும்பாலும் கடைசித் தேதி. ஐந்து இடம் தடித்திருந்தால் கண் எதிலும் நிற்காது. வெறும் எழுத்து வடிவத்தில் மெயிலைப் படிப்பவருக்குத் தடிப்பே தெரியாது. ஆகவே தேதியைத் தடிப்பாக்கினாலும், "புதன் மாலை 5 மணிக்குள் பதில் வேண்டும்" என்று வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.