சென்னை மழை மீம்கள்: பல சீசன் பார்த்த அட்மினின் அனுபவம்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் சென்னை மீம் பேஜின் இன்பாக்ஸ் நிரம்பி வழியும். வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர் வரை, வருவதில் பெரும்பாலும் ஆபீஸ் போய்த் திரும்பும் பாடுதான். பல சீசனாகப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது இது: "சென்னைக்குப் படகு வாங்கணும்" மாதிரிப் பொத்தாம்பொதுவான ஜோக்குக்கு லைக் விழும், அதோடு சரி. "டேய், இது நீதான்" என்று நண்பனை டேக் பண்ண வைப்பது, அவன் உடம்பு அனுபவித்த சின்ன விஷயம் மட்டும்தான்.

பைக் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அழுகிற முகம் போட்டு "சீட் நனைஞ்சிடுச்சு" என்று எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். நாங்கள் போட்டது இப்படி:

"கர்ச்சீப்பால துடைச்சேன். காஞ்சிடுச்சு. கையால தொட்டுப் பார்த்தேன். காஞ்சிடுச்சு. நம்பி உக்காந்தேன்."

அவ்வளவுதான். தையல் வழியாக இறங்கிய தண்ணீரை ஸ்பாஞ்ச் உள்ளே பிடித்து வைத்திருக்கும், நம் எடை பட்டதும் மொத்தமும் மேலே வரும். வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும், அதனால் மீதியைச் சொல்லவே வேண்டாம். இதைச் சாயங்காலம் ஆறு மணிக்கு, பார்க்கிங்கில் ஆள் நிற்கும் நேரத்தில் போட்டோம். கமென்ட் முழுக்க ஜவுளிக்கடை கவரை சீட்டில் மாட்டுவது எப்படி என்று பேச்சு. அதே போஸ்ட் காலையில் போயிருந்தால் இந்த அளவுக்கு ஓடியிருக்காது. காலை ஆறு, ஏழு மணிக்கு எல்லோரும் தேடுவது பள்ளி லீவு அறிவிப்பைத்தான். அப்போது எடுபடுவது, "பையனுக்கு லீவு, அப்பாவுக்கு லாகின்."

கேப் டிரைவர் ஜோக்கும் அப்படியே. "கேன்சல் பண்ணிட்டாங்க" என்பதில் சிரிப்பில்லை. "அண்ணே, எங்க போகணும்?" "மடிப்பாக்கம்ணே." தண்ணீர் தேங்கும் ஏரியா பெயரைக் கேட்டதும் டிரைவரிடமிருந்து பதிலே இல்லை, வெறும் காலிக் கட்டம். அந்த ஏரியாக்காரர்களே ஷேர் பண்ணி ஓட்டுவார்கள்.

இடத்தின் பெயர் எவ்வளவு வேலை செய்யும் என்பதை 2024 அக்டோபரில் பார்த்தோம். ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரி பாலத்தின் மேல் காரை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அதை வைத்து, "பாலத்துல இடம் கிடைச்சாச்சு, இனி வீட்டுக்குப் போக ஆட்டோதான் கிடைக்கல" என்று போட்டோம். காரைக் காப்பாற்றத் துடிக்கும் மனுஷனைக் கிண்டல் பண்ணாமல், அவன் மாட்டிக்கொண்ட நிலைமையை மட்டும் சொன்னதால் கார் நிறுத்தியவர்களே வந்து சிரித்தார்கள்.

ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்று அர்த்தம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று மெசேஜ் வர ஆரம்பித்ததும் ஜோக்கை நிறுத்திவிடுவோம். எந்த சப்வே மூடியிருக்கிறது, எந்த ரூட் ஓடுகிறது என்பது மட்டும்தான் போகும். வரும் போட்டோவை, எடுத்த நேரமும் தெருவும் கேட்காமல் ஏற்றுவதில்லை. 2015 வெள்ளப் படங்கள் ஒவ்வொரு மழைக்கும் "இன்று காலை" என்று வந்து நிற்கும். பின்னணியில் மெட்ரோ தூண், கடை போர்டு இரண்டையும் பார்த்தாலே பாதி பிடிபட்டுவிடும்.